பரிசளிப்பு விழாவில் பெயர் பிசகாமல்: கணனிக் குரலுக்கு உச்சரிப்புக் குறிப்புக் கொடுப்பது எப்படி?

பெயர்ப்பட்டியலைக் கணனியே வாசிக்கும்படி ஒழுங்கு செய்யும் பாடசாலைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் முதலில் வரும் முறைப்பாடு பெயர் பற்றியதுதான். `Gobithah` என்ற ஒரே பெயரை வைத்துத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்ப்போம். வீட்டில் அந்தப் பிள்ளையைக் கோபிதா என்று கூப்பிடுகிறார்கள். முதல் எழுத்து ‘கோபம்’ என்பதில் வருவது போல அல்ல, ‘கோவிந்தா’ என்று கூட்டமாகக் கூவும்போது வருகிற அதிர்வுள்ள ஒலி.

பயன்படுத்தப் போவது ஈஸ்பீக் என்.ஜி. என்ற இலவச மென்பொருள். குரல் கொஞ்சம் இயந்திரத்தனமானதுதான். ஆனால் இணையம் வேண்டாம், பழைய கணனியிலும் ஓடும், உள்ளே என்ன நடக்கிறது என்பதை எழுத்தாகவே காட்டும். பழகுவதற்கு இதைவிட வசதியானது இல்லை. கீழே உள்ள கட்டளைகள் லினக்ஸுக்கானவை.

1. முதலில் சரியான ஒலியைப் பிடியுங்கள்

பிள்ளையிடமோ அம்மாவிடமோ பெயரைச் சொல்லச் சொல்லி கைத்தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். பட்டியலில் உள்ள எழுத்தை நம்ப வேண்டாம். தமிழில் க, ச, ட, த, ப ஆகியவற்றுக்கு அதிர்வுள்ள ஒலிக்கும் இல்லாத ஒலிக்கும் ஒரே எழுத்துத்தான். ஆங்கில எழுத்திலோ எண்சோதிடம் பார்த்துக் கடைசியில் ஒட்டிய `h` வேறு இருக்கும்.

தொண்டையில் இரண்டு விரலை வைத்து, பெயரின் முதல் ஒலியை மட்டும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். உயிரொலி தொடங்குவதற்கு முன்பே அதிர்வு தெரிந்தால் அது g, j, d, b வகை. மலையகத்தில் இன்னொரு தடயமும் உண்டு: பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் இருந்தால், அந்த எழுத்துமுறையில் இந்த இரண்டு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்து இருப்பதால், சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்தவுடனே சொல்லிவிடுவார். ஆனால் பதிவாளர் காதில் விழுந்ததைத்தான் எழுதியிருப்பார். அம்மா சொல்வதும் சான்றிதழும் முரண்பட்டால் அம்மா பக்கமே நில்லுங்கள்.

2. இரண்டு குரலிலும் கேளுங்கள்

```
espeak-ng -v en-gb "Gobithah"
espeak-ng -v ta "கோபிதா"
```

ஆங்கிலக் குரலில் முதல் ஒலி சரியாக வரும், நடுவில் உள்ள `th` கெடும். அதை ‘திங்க்’ என்ற ஆங்கிலச் சொல்லின் தொடக்கம் போல நாக்கைப் பல்லிடையில் வைத்துச் சொல்லும். பலர் உடனே `th` ஐ `t` ஆக்கிப் பார்ப்பார்கள். அப்போது நம் காதுக்கு ‘கோபிடா’ என்று விழும், ஏனென்றால் ஆங்கில t மேல்பல்லுக்குப் பின்னால் ஈறில் பிறப்பது. எந்த ஆங்கில எழுத்தை எழுதினாலும் அந்தக் குரல் நம்முடைய த வைச் சொல்லாது. எழுத்தை மாற்றி மாற்றி எழுதி இதைச் சரிசெய்ய முடியாது; அதில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

தமிழ்க் குரலில் நிலைமை நேர்மாறு. த சரியாக வரும், நெடில் சரியாக வரும், முதல் எழுத்து மட்டும் ‘கோபம்’ போல வல்லொலியாக வரும். ஒரே ஒரு பிழை என்பதால் தமிழ்க் குரலையே எடுத்துக்கொள்வோம்.

3. ஒலிக்குறிகளை எடுத்து ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

```
espeak-ng -v ta -q -x "கோபிதா"
```

`-x` ஒலிக்குறிகளைத் திரையில் காட்டும், `-q` சத்தத்தை நிறுத்தும். வரும் வரி `k` இல் தொடங்கும். மேற்கோள் போன்ற சிறு கோடு அழுத்தத்தைக் காட்டுவது, முக்காற்புள்ளி நெடிலைக் காட்டுவது, இரண்டையும் தொடாதீர்கள். `k` ஐ `g` ஆக்கினால் போதும். ஒலிக்குறி வரியை இரட்டைச் சதுர அடைப்புக்குள் கொடுத்தால் மென்பொருள் அதை எழுத்தாக அல்லாமல் ஒலியாகவே எடுத்துக்கொள்ளும். எடுப்பதையும் மாற்றுவதையும் ஒரே வரியில் செய்யலாம்:

```
espeak-ng -v ta "[[$(espeak-ng -v ta -q -x 'கோபிதா' | sed 's/k/g/')]]"
```

`sed` முதலில் வரும் k ஐ மட்டும் மாற்றும், அதுதான் நமக்கும் வேண்டியது. அதிர்வுள்ள த வேண்டிய ‘தினேஷ்’ போன்ற பெயர் என்றால் அதற்குரிய குறி என்னவென்று ஊகிக்க வேண்டாம். ‘பந்து’ என்ற சொல்லை `-x` உடன் ஓட்டி, ந் க்கு அடுத்து வரும் குறியை அப்படியே நகலெடுங்கள். ஆங்கிலக் குரலின் குறிகளைத் தமிழ்க் குரலுக்குக் கொடுத்தால் சில ஒலிகள் விழுங்கப்படும் அல்லது வேறாக வரும். இரண்டுக்கும் பட்டியல் வேறு.

4. ஒவ்வொரு தடவையும் எழுதாமல் அகராதியில் சேர்க்க

நிறுவிய பொதியில் அகராதி மூலக்கோப்புகள் இருக்காது. உங்களிடம் உள்ள அதே பதிப்பின் மூலநிரலை இறக்கி, `dictsource` அடைவில் `ta_extra` என்ற கோப்பை உருவாக்குங்கள். வரிக்கு ஒரு பெயர்: முதலில் தமிழ்ச் சொல், இடைவெளி, பிறகு அடைப்பில்லாமல் ஒலிக்குறிகள். அந்த அடைவில் நின்றபடி:

```
sudo espeak-ng --compile=ta
```

பிழை எதுவும் வராமலே பழைய உச்சரிப்புத் தொடர்ந்தால், பெரும்பாலும் கோப்பு வேறு அடைவில் இருக்கும். மென்பொருளைப் புதுப்பித்ததும் பழைய உச்சரிப்புத் திரும்பிவிடும், மறுபடி தொகுக்க வேண்டும். `ta_extra` வின் பிரதியை வேறிடத்தில் வைத்திருங்கள்.

தமிழுக்கே உரிய ஒரு பொறி இங்கே உண்டு. அகராதி முழுச்சொல்லைத்தான் பொருத்திப் பார்க்கும். ‘கோபிதா’ என்று சேர்த்தால் ‘கோபிதாவுக்கு’ என்பது பழையபடி வல்லொலியாகவே வரும். வேற்றுமை உருபு சேர்ந்த வடிவங்களையும் தனித்தனியாகச் சேர்க்கலாம், ஆனால் வாக்கியத்தை மாற்றுவது சுலபம்: ‘கோபிதாவுக்கு முதற்பரிசு’ என்பதற்குப் பதில் ‘முதற்பரிசு: கோபிதா’.

5. இணையக் குரல்களுக்கு

மைக்ரோசொப்டின் சேவையில் `ta-LK-SaranyaNeural`, `ta-LK-KumarNeural` என இலங்கைத் தமிழுக்கென்றே இரண்டு குரல்கள் உள்ளன. இணையச் சேவைகளில் குறிப்பு எஸ்.எஸ்.எம்.எல். என்ற குறிமொழியில் போகும்:

```
<phoneme alphabet="ipa" ph="ɡoːbiðaː">கோபிதா</phoneme>
<sub alias="ஆர்">R.</sub>
```

முதல் வரி உலகளாவிய ஒலிக்குறி. இதில் `ɡ` விசைப்பலகை g அல்ல, `ː` முக்காற்புள்ளியும் அல்ல. தட்டச்சு செய்யாமல் மேலிருந்து நகலெடுங்கள். சில சேவைகள் தவறான குறியைக் கண்டால் முழுக் கோரிக்கையையும் நிராகரிக்கும். `phoneme` ஐ ஏற்காத குரல் உள்ளே இருக்கும் தமிழ்ச் சொல்லை வழமைபோல வாசித்துவிடும். எல்லாம் சரியாக எழுதியும் மாற்றமே தெரியாவிட்டால் காரணம் அதுதான். `ph` க்குள் வேண்டுமென்றே வேறு பெயர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் கோபிதா என்றே வந்தால் அந்தக் குரலை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது வரி தகப்பன் பெயரின் முதலெழுத்துக்கு. அதை அடுத்து வரும் புள்ளியைச் சில குரல்கள் வாக்கிய முடிவாக எடுத்துக்கொண்டு இடையில் நின்றுவிடும். `sub` புள்ளியையும் சேர்த்து விழுங்கி, ‘ஆர்’ என்பதை மட்டும் சொல்லும்.

சரிபார்ப்பைக் காதொலிக் கருவியில் முடிக்காமல் மண்டபத்து ஒலிபெருக்கியிலேயே செய்யுங்கள். மட்டமான கூம்பு ஒலிபெருக்கியில் தாழ்ந்த சுரம் அடிபடும், k க்கும் g க்கும் உள்ள வேறுபாடு மங்கும். பெயரைத் தட்டச்சு செய்தவருக்கு என்ன வரவேண்டும் என்று தெரிந்திருப்பதால் அவர் காது ஏமாறும். பட்டியலைப் பார்க்காத ஒருவரைக் கேட்கவைத்து, விழுந்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.