"யாவும் கற்பனையே" என்ற வரி உங்கள் குறும்படத்தை எதிலிருந்து காக்கும்?

ஹட்டன், பண்டாரவளைப் பக்கங்களில் இப்போது குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் பலர், படத்தின் முடிவில் ஓடும் "இதில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே" என்ற வரியை வேறொரு படத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அது முதன்மையாக அவதூறு வழக்கை முன்னிட்டு எழுதப்படும் வரி. அதன் பலம் வரியில் மட்டும் இல்லை, படத்தில் நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் என்பதிலும் இருக்கிறது.

இவ்வழக்கம் பரவக் காரணமாகச் சொல்லப்படுவது 1934ஆம் ஆண்டு இலண்டனில் முடிந்த ஒரு வழக்கு. ரஷ்யச் சாமியார் ரஸ்புடினைப் பற்றி எம்.ஜி.எம். நிறுவனம் எடுத்த படத்தில், அவரால் கெடுக்கப்படுபவளாக நடாஷா என்ற இளவரசி வருகிறாள். ரஸ்புடின் கொலையில் பங்குகொண்ட பீலிக்ஸ் யூசுபோவின் மனைவி இரினா, அப்பாத்திரம் தன்னையே குறிக்கிறது என்று வழக்குத் தொடுத்து 25,000 பவுண் இழப்பீடு பெற்றார். பெயர் வேறாக இருந்தும் அது அவரையே குறிப்பதாக யூரிமார் ஏற்றுக்கொண்டனர். போதாக்குறைக்கு, பாத்திரங்களில் சிலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று படமே தன் தொடக்கத்தில் அறிவித்திருந்தது.

இனி, நம் தோட்டங்களில் நடக்கும் ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் அளவுக்கு மீறிக் கிலோ கழித்து, பெண்களுக்கு அரைப்பேர் போடும் ஒரு கணக்கப்பிள்ளையே வில்லன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதற்படியாக, தப்புச் செய்பவராக வரும் ஒவ்வொரு பாத்திரத்தையும் தனித்தாளில் எழுதி, அவரது தொழில், வயது, உடலடையாளம், வாகனம், குடும்பம், பேச்சுவழக்கு ஆகியவற்றை அதன் கீழே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, கதையை எழுதாத ஒருவரிடம், முடிந்தால் அதே தோட்டத்து லயத்தில் வளர்ந்த ஒருவரிடம், அத்தாளைக் கொடுத்து, "இது யார் என்று தெரிகிறதா?" என்று மட்டும் கேளுங்கள். அவர் தயங்காமல் ஒரு பெயரைச் சொன்னால், அறிவிப்பை எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டாலும் ஆபத்து நீங்கவில்லை.

இரண்டாம் படி, அடையாளத்தைக் கலைப்பது. ராமையா என்ற பெயரை முத்தையா என்று மாற்றினால் போதும் என்று நினைக்கிறவர்களே அதிகம். ஆனால் இடது கால் தாங்கி நடப்பதும், சிவப்பு மோட்டார் சைக்கிளில் வருவதும், ஒரே மகள் கொழும்பில் படிப்பதும் அப்படியே இருந்தால், பார்ப்பவர் பெயரைக் கவனிக்கப்போவதில்லை. இவை மூன்றில் ஒன்றுகூடக் கதைக்குத் தேவையில்லை. கதைக்குத் தேவையானவை தராசும் செக்ரோலும்தான். ஆகவே அந்த மூன்று அடையாளங்களையும் நீக்கிவிட்டு, இரண்டு மூன்று மனிதர்களின் இயல்புகளைக் கலந்து பாத்திரத்தைப் புதிதாக அமையுங்கள். தோட்டத்துப் பெயர்ப்பலகையும் சட்டகத்துக்குள் விழக்கூடாது. கணக்கப்பிள்ளை ஒருவரே உள்ள பிரிவில் அப்பலகையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்குப் பிறகுதான் அறிவிப்பை எழுத வேண்டும். "இக்குறும்படத்தின் பாத்திரங்களும் சம்பவங்களும் கற்பனையானவை. உயிரோடிருப்பவர்களையோ, மறைந்தவர்களையோ, ஏதேனும் தோட்டத்தையோ நிறுவனத்தையோ அவை ஒத்திருப்பின் அது தற்செயலானது" என்று எழுதினால் போதுமானது. இதை நிதானமாக வாசித்து முடிக்கும் நேரத்துக்குத் திரையில் நிறுத்துங்கள்.

இலங்கையில் குற்றவியல் அவதூறு 2002ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. எஞ்சியிருப்பது குடியியல் வழக்கு. அது ரோமன்-டச்சுச் சட்டத்தைத் தழுவியது என்பதால், புண்படுத்தும் எண்ணம் இருந்ததா என்ற கேள்வி அதில் முக்கியமாகிறது. எனினும், அவதூறான செய்தி ஒருவரைக் குறித்து வெளியானதென்று காட்டப்பட்டால் அந்த எண்ணம் இருந்ததாகவே முதலில் ஊகிக்கப்படும். அதை மறுக்க வேண்டியவர் படமெடுத்தவரே. அவ்விடத்தில் அறிவிப்பு உங்கள் பக்கத்துச் சான்றுகளுள் ஒன்றாக நிற்கலாம். முழு வழக்கையும் அது தடுத்துவிடாது.

அச்சான்றைப் படமெடுத்தவர்களே கெடுத்துவிடுவதும் உண்டு. படத்தின் முடிவில் "கற்பனையே" என்று போட்டுவிட்டு, பேஸ்புக் பதிவிலும் சுவரொட்டியிலும் "எங்கள் தோட்டத்தில் நடந்த உண்மைக் கதை" என்று விளம்பரம் செய்தால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் கையிலெடுப்பது அப்பதிவைத்தான். கதை உண்மையிலேயே நடந்ததென்றால் "உண்மைச் சம்பவத்தைத் தழுவியது; பெயர்களும் காட்சிகளும் மாற்றப்பட்டுள்ளன" என்று நேர்மையாக எழுதுங்கள். அப்போது, தவறாகக் காட்டப்படும் செயலுக்கு ஆதாரம் உங்கள் கையில் இருக்க வேண்டும். சம்பளச்சீட்டின் பிரதி போன்றவற்றைப் படம் வெளியான பின்னரும் பத்திரப்படுத்துங்கள்.

இந்த வரி பாட்டு உரிமையை எவ்விதத்திலும் தொடாது. திரைப்படப் பாடலொன்றைப் பின்னணியில் ஓடவிட்டு "உரிமை மீறும் நோக்கமில்லை" என்று கீழே எழுதுவதால் அனுமதி கிடைத்துவிடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி அது தனி விடயம். அனுமதி பெறுங்கள், அல்லது நண்பர் ஒருவரைத் தப்பு அடிக்கச் சொல்லிப் பதிவுசெய்து, அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.