விடுதலை ஆனால் நஷ்டஈடு தானாக வராது

பொய் வழக்கில் சிக்கி, அலைந்து திரிந்து, ஒருவழியாக விடுதலை ஆனவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்குதான் போடுவார்கள்: "கோர்ட்டே என்னைக் குற்றமற்றவன் என்று சொல்லிவிட்டது, இனி புகார் கொடுத்தவன் பணம் கட்டியாக வேண்டும்." பல நஷ்டஈட்டு வழக்குகள் கவிழ்வது இந்தக் கணக்கில்தான்.

கற்பனையாக ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கிடங்கின் கணக்கர் மீது சரக்கைத் திருடியதாக முதலாளிக்குச் சந்தேகம். 2022 மார்ச் 10 அன்று அவரை ஓர் அறையில் 3 மணி நேரம் பூட்டி வைத்து விசாரிக்கிறார், பிறகு போலீசில் ஒப்படைக்கிறார். மறுநாள் மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்ய, 20 நாள் சிறை. வழக்கு நடந்து 2023 ஆகஸ்டில் விடுதலை. 2024 ஜனவரியில் கணக்கர் முதலாளி மீது நஷ்டஈட்டு வழக்குப் போடுகிறார்.

பார்க்க ஒரே கதைதான். ஆனால் சட்டத்தின் கண்ணில் இதில் இரண்டு தனித்தனித் தவறுகள் இருக்கின்றன. அறையில் பூட்டி வைத்தது சட்டவிரோத அடைத்துவைப்பு. பொய்ப் புகாரால் நீதிமன்றத்தில் நிறுத்தியது தீய நோக்கில் தொடுத்த வழக்கு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது முதல் தவறு.

இந்தியச் சட்டப்படி இரண்டுக்குமே 1 ஆண்டுதான் அவகாசம், ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்கும் நாள் வேறு. அடைத்துவைப்புக்கு, அடைப்பு முடிந்த நாளிலிருந்து கணக்கு. தீய நோக்கு வழக்குக்கு, விடுதலை ஆன நாளிலிருந்து, அல்லது வழக்கு வேறு வகையில் முடிந்த நாளிலிருந்து. அதனால் நம் கணக்கரின் அந்த 3 மணி நேர உரிமை 2023 மார்ச்சிலேயே காலாவதி ஆகிவிட்டது. "கிரிமினல் கேஸ் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று காத்திருந்ததற்கான விலை இது. (இங்கிலாந்தில் பொதுவாக 6 ஆண்டு அவகாசம் உண்டு. நாட்டுக்கு நாடு இது மாறும்.)

சரி, அந்த 20 நாள் சிறை? அதையும் சட்டவிரோத அடைப்பு என்று முதலாளி மீது சுமத்தினால் நிற்காது. மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இடையில் வந்துவிட்டது, அடைத்தது முதலாளி அல்ல. அந்த நாட்களை தீய நோக்கு வழக்கில் ஏற்பட்ட இழப்பாகக் காட்டித்தான் கேட்க வேண்டும்.

இப்போது கையில் மிச்சம் இருப்பது அந்த ஒரு வழக்குதான். அங்கே காத்திருப்பது அடுத்த தவறு, தீர்ப்பு நகலை மட்டும் தாக்கல் செய்துவிட்டு உட்கார்ந்துவிடுவது. அடைத்துவைப்பில், அடைத்ததற்குச் சட்டப்படி காரணம் இருந்தது என்று காட்டும் பொறுப்பு எதிராளியுடையது. இங்கே சுமை முழுக்க உங்கள் தோளில். அவர்தான் வழக்குக்குக் காரணம், அது உங்களுக்குச் சாதகமாக முடிந்தது, புகார் கொடுக்க நியாயமான காரணம் இல்லை, உள்நோக்கம் இருந்தது, உங்களுக்கு இழப்பு ஏற்பட்டது என்று எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டும். இதில் விடுதலைத் தீர்ப்பு சாதகமான முடிவை மட்டுமே காட்டும். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவித்தாலும் அது சாதகமான முடிவுதான். ஆனால் புகார்தாரருக்கு அன்று காரணம் இருந்ததா என்பதை சிவில் நீதிமன்றம் தானே புதிதாகப் பார்க்கும்.

'அன்று' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சரக்கு வேறு கிளைக்குப் போனதாக இருப்புப் பதிவேட்டில் இருந்தது, புகாருக்கு முன்பே முதலாளி அதில் கையெழுத்தும் போட்டிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். தன் புகார் பொய் என்று தெரிந்தே கொடுத்தார் என்பதற்கு அது வலுவான சான்று. அதே பதிவேடு ஆறு மாதம் கழித்துக் கிடைத்திருந்தால், அவர் நேர்மையாகத் தவறு செய்தவர் மட்டுமே. நேர்மையான தவறுக்கு நஷ்டஈடு கிடையாது. உள்நோக்கத்துக்கும் வெறும் கோபம் போதாது. கணக்கர் சம்பளப் பாக்கி கேட்டு நோட்டீஸ் அனுப்பிய மறுவாரம் புகார் வந்திருந்தால், அந்த நோட்டீசும் அதன் தபால் ரசீதும் பத்து சாட்சிகளுக்குச் சமம்.

"நான் தகவல்தான் கொடுத்தேன், வழக்குப் போட்டது போலீஸ்" என்பது முதலாளியின் வழக்கமான பதில். நம்பியதைச் சொல்லி முடிவைப் போலீசிடம் விட்டவருக்கு இது பாதுகாப்பு. தெரிந்தே பொய் சொன்னவருக்கு அல்ல. உண்மை புகார்தாரருக்கு மட்டுமே தெரிந்த நிலையில் அவர் பொய் சொன்னால், அவரே வழக்குத் தொடுத்தவராகக் கருதப்படலாம் என்று 1995ல் மார்ட்டின் - வாட்சன் வழக்கில் அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

அடைத்தது அரசே என்றால் வேறொரு பாதையும் உண்டு. 1968ல் விடுதலையாகியும் 14 ஆண்டுகள் பீகார் சிறையிலேயே கிடந்த ருதுல் ஷாவுக்கு, 1983ல் உச்ச நீதிமன்றம் ரிட் மனுவிலேயே இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. போலீஸ் அதிகாரி மீது பணி தொடர்பாக சிவில் வழக்கே போடுவதானால், பொதுவாக 2 மாத முன்னறிவிப்பு நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

வக்கீல் கட்டண ரசீது, வேலை போன கடிதம், ஜாமீன் செலவு எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே எடுத்து வையுங்கள். நம் கணக்கர் வக்கீலுக்குக் கொடுத்ததெல்லாம் ரொக்கம், ரசீது கேட்கவே இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் கை வைப்பது அந்த இடத்தில்தான்.