சவூதியில் கணக்காளர் வேலைக்கு அரபு விண்ணப்பக் கடிதம்: மேலிருந்து கீழ்வரை

சவூதிக்கு வந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஒரே இடத்தில் கணக்கு எழுதிவிட்டு, அடுத்த நிறுவனத்திற்கு மாற நினைக்கும்போதுதான் நம்மவர்களில் பலருக்கு அரபுக் கடிதம் தேவைப்படுகிறது. பெரிய நிறுவனங்கள் ஆங்கிலத்திலேயே விண்ணப்பத்தை வாங்கிக்கொள்கின்றன. கட்டுமானப் பொருள், உணவுப் பொருள், வாகன உதிரிபாகம் விற்கும் குடும்ப நிறுவனங்களில் நிலைமை வேறு. அங்கே முடிவெடுப்பவர் முதலாளி, அல்லது அவருடைய கணக்குத் துறை மேலாளர். நாள் முழுவதும் அரபில் படித்துக் கையெழுத்திடுபவர்கள் அவர்கள். இந்த நாட்டில் வணிகக் கணக்குப் புத்தகங்கள் அரபில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் அரபுக் கடிதத்தைப் பார்த்ததும், இவருக்கு நம் தாள்களைப் படிக்கத் தெரியும் போலிருக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அந்த எண்ணத்தைக் கடிதம் எந்த அளவுக்கு அனுமதிக்கலாம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தம்மாமில் கட்டுமானப் பொருள் கடையொன்றில் நான்கு ஆண்டுகள் கணக்காளராக இருந்த தம்பி ஒருவர், ரியாத்தில் உள்ள ஒரு நிறுவனத்திற்கு எழுதிய கடிதத்தை என்னிடம் காட்டினார். தன் ஆங்கிலக் கடிதத்தை வரிக்கு வரி அரபுக்குப் பெயர்த்திருந்தார். தொடக்கமே ‘அஸீஸி’. ‘அன்புள்ள’ என்பதற்கு அகராதியில் கிடைத்த சொல் அது. அரபில் அது நண்பனுக்கும் நெருங்கிய உறவுக்கும் எழுதும் சொல். முன்பின் தெரியாத மேலாளருக்கு எழுதினால் தோளில் கை போடுவது போலாகிவிடும். அந்தக் கடிதத்தைத் திருத்திய கதையையே வரிசையாகச் சொல்கிறேன்.

மேலே தேதி. ஹிஜ்ரி தேதிக்குப் பின்னால் ‘ஹா’ எழுத்தும், ஆங்கிலத் தேதிக்குப் பின்னால் ‘மீம்’ எழுத்தும் வரும். ஆங்கிலத் தேதி மட்டும் போட்டாலும் போதும். அடுத்தது பெறுநர்: ‘ஸஆதத் முதீர் அல்மவாரித் அல்பஷரிய்யா அல்முஹ்தரம்’, அதாவது மதிப்பிற்குரிய மனிதவள மேலாளர் அவர்களுக்கு. மேலாளர் பெண் என்று தெரிந்தால் ‘முதீரா’ என்றும் ‘அல்முஹ்தரமா’ என்றும் மாற்ற வேண்டும். அதன் கீழே ‘அஸ்ஸலாமு அலைக்கும் வ ரஹ்மதுல்லாஹி வ பரகாதுஹு’. இதை இங்கே எல்லாச் சமயத்தவரும் எழுதுகிறார்கள். எழுதத் தயங்குபவர்களுக்குப் பொதுவான வணக்கம் ஒன்று உண்டு: ‘தஹிய்யா தய்யிபா வ பஅத்’. நல்வாழ்த்து, இனி விஷயத்திற்கு வருவோம் என்பது அதன் கருத்து. பிறகு தனி வரியில் ‘அல்மவ்ளூ’ என்று பொருள் குறிப்பிட்டு, கணக்காளர் பணிக்கான விண்ணப்பம் என்று எழுதுங்கள்.

முதல் வாக்கியமும் அச்சு மாறாதது: ‘யஸுர்ருனீ அன் அதகத்தம இலைக்கும்...’, இந்த விண்ணப்பத்தைத் தங்கள்முன் வைப்பதில் மகிழ்கிறேன். எதிரில் இருப்பவர் ஒருவரே ஆனாலும் பன்மையில்தான் விளிக்க வேண்டும். நாம் ‘நீங்கள்’ என்பது போலத்தான். ஒருமை விளி ஓரிடத்தில் நுழைந்தாலும் மரியாதை குலைந்துவிடும். நிறுவனத்தை ‘ஷரிக்கதுக்கும் அல்முவக்கரா’, தங்கள் மதிப்புமிக்க நிறுவனம் என்று ஒருமுறை சொன்னால் போதும். தம்பி ஐந்து முறை சொல்லியிருந்தார்.

பெண் கணக்காளர்கள் தங்களைக் குறிக்கும் சொற்களையும் பெண்பாலில் எழுத வேண்டும்: ‘முஹாஸிபா’, பட்டம் பெற்றவள் என்பதற்கு ‘ஹாஸிலா’. ஆண் நண்பரின் கடிதத்தை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றினால் இந்த இடத்தில்தான் பிடிபடும்.

மரபு வாக்கியங்களுக்கு நடுவே உங்களுக்கென்று இருப்பது ஏழெட்டு வரிதான். தம்பியின் பழைய கடிதத்தில் அந்த இடத்தை உழைப்பும் ஆர்வமும் நிரப்பியிருந்தன. எல்லாவற்றையும் அடித்துவிட்டு, அவர் உண்மையில் செய்த வேலையைக் கேட்டு எழுதினோம். மாதந்தோறும் ‘மீஸான் அல்முராஜஆ’, அதாவது இருப்பாய்வு தயாரித்தது. மூன்று வங்கிக் கணக்குகளுக்கு ‘அத்தஸ்வியாத் அல்பன்கிய்யா’, வங்கிக் கணக்குச் சரிக்கட்டல் செய்தது. வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய நிலுவைகளை, ‘அத்திமம் அல்மதீனா’வை, வயதுவாரியாகப் பிரித்துக் கொடுத்தது. காலாண்டுக்கு ஒருமுறை வாட் கணக்கைத் தாக்கல் செய்தது. இங்கே வாட் 2018இல் 5 சதவீதத்தில் தொடங்கி, 2020 ஜூலையில் 15 சதவீதமானது. 2021 டிசம்பரில் மின்னணு விலைப்பட்டியல் கட்டாயமானது. இந்த வேலைகளில் கை வைத்தவர் என்று ஒரு வரி இருந்தால், படிக்கிற கணக்கு மேலாளர் அங்கே நிற்பார்.

ஒரு சொல்லில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். ‘முஹாஸிப்’ என்றால் கணக்காளர். ‘முஹாஸிப் கானூனீ’ என்றால் உரிமம் பெற்ற பட்டயக் கணக்காளர். பி.காம். படித்தவர் அழகுக்காக இரண்டாவதைப் போட்டுக்கொண்டால் அது பொய்த் தகுதி. உங்கள் பட்டத்தை ‘பகாலூரியூஸ் திஜாரா’ என்று அப்படியே எழுதுங்கள். சவூதிக் கணக்காளர் அமைப்பான சோக்பாவில் பதிவு செய்திருப்பீர்கள். இக்காமாவில் கணக்காளர் தொழில் உள்ள வெளிநாட்டவருக்கு அது தேவை. அந்தப் பதிவு செல்லுபடியாக இருக்கிறது என்று ஒரு வரி சேருங்கள். இக்காமா மாற்றத்தக்கது என்பதற்கு ‘காபிலா லின்னக்ல்’ என்று எழுதுங்கள். ஆட்களை எடுப்பவர்கள் முதலில் தேடும் வரிகளில் இதுவும் ஒன்று.

மொழித்திறனைச் சொல்வதில் நேர்மை வேண்டும். தொடக்கத்தில் பிறகு சொல்கிறேன் என்றது இதைத்தான். ‘உஜீது’ என்றால் எனக்கு நன்றாக வரும் என்று பொருள். ‘லதய்ய இல்மாம்’ என்றால் ஓரளவு பழக்கம் உண்டு. விலைப்பட்டியலும் வங்கி அறிக்கையும் படிக்கத் தெரிந்து பேசத் தடுமாறுபவர் இரண்டாவதை எழுத வேண்டும். நேர்முகத்தில் முதல் கேள்வியே அரபில் வந்தால், அந்த ஒரு சொல் உங்களைக் காப்பாற்றும்.

இனி கண்ணுக்கு எளிதில் தெரியாத இரண்டு பிழைகள். அரபு எண்களில் ஐந்து வட்டமாக இருக்கும். பூஜ்யம் வெறும் புள்ளி. பதினைந்தை எழுதினால் அது நம் கண்ணுக்குப் பத்து போலவே தெரியும். பழக்கமில்லாதவர்கள் நாம் எழுதும் எண்களையே போடுவது நல்லது. அவர்களுக்கும் அவை பழகியவைதான். இரண்டாவது, எழுத்து வலமிருந்து இடம் போக, எண்கள் இடமிருந்து வலம் போகின்றன. கோப்பில் பத்தியின் திசையை மாற்றாமல் தட்டச்சு செய்தால் தொலைபேசி எண்ணின் கூட்டல் குறி தவறான முனைக்குத் தாவும். ஆண்டு வரம்பும் புரண்டு, சேர்ந்த ஆண்டு விலகிய ஆண்டாகத் தெரியும். ஆகவே ‘2020 முதல் 2024 வரை’ என்று சொல்லாகவே எழுதிவிடுங்கள்.

பெயரிலும் சிக்கல் வரும். அரபில் ஆங்கில P ஒலிக்கும் V ஒலிக்கும் நேரான எழுத்து இல்லை. பழனிவேல் என்பவர் ‘பலானிஃபேல்’ போல ஆகிவிடுவார், அந்த முதல் எழுத்தும் ‘பஸ்’ என்பதன் முதல் ஒலி போல மென்மையாகிவிடும். பிடிக்காவிட்டாலும் இக்காமாவில் அரபில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதே எழுத்துகளை இடுங்கள். கடிதத்தில் ஒரு பெயர், இக்காமாவில் இன்னொரு பெயர் என்றிருந்தால் வேலை மாற்றத்தின்போது வீண் விசாரணை.

முடிப்பு வாக்கியம் ‘வ தஃபள்ளலூ பிகபூலி ஃபாயிகில் இஹ்திராம் வத்தக்தீர்’. கீழே ‘முகத்திமுஹு’ என்று எழுதி, பெயர், கைபேசி எண், கையெழுத்து. அதன் கீழ் ‘அல்முர்ஃபகாத்’, இணைப்புகள்: தன்விவரக் குறிப்பு, பட்டச் சான்றிதழின் நகல், அனுபவச் சான்றிதழ். இக்காமா நகலை முதல் கடிதத்தோடு அனுப்ப வேண்டாம். நேர்முகத்திற்கு அழைத்த பிறகு கேட்டால் கொடுங்கள்.

அனுப்புவதற்கு முன் கோப்பை பிடிஎஃப் ஆக்கி, உங்கள் கைபேசியில் ஒருமுறை திறந்து எண்களைச் சரிபாருங்கள். பிறகு அலுவலகத்தில் நம்பிக்கையான எகிப்தியரோ சூடானியரோ இருந்தால் அவரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தம்பியின் கடிதத்தைப் படித்த சூடானியர் ஒரே இடத்தில்தான் நிறுத்தினார்: ‘அத்திமம்’ என்பதில் ஓர் எழுத்தின் மேல் புள்ளி விடுபட்டிருந்தது.