சீஸில் பூசணம்: கட்டியில் வெட்டலாம், ஸ்லைஸில் வெட்டக் கூடாது

ஃபிரிட்ஜைத் திறந்தால் செடார் கட்டியின் மேல் பச்சையாக ஒரு புள்ளி. பக்கத்திலேயே இருக்கும் ஸ்லைஸ் பாக்கெட்டிலும் அதே மாதிரி ஒன்று. இரண்டும் சீஸ்தான், பூசணமும் ஒன்றாகவே தெரிகிறது. ஆனால் ஒன்றில் கெட்ட பகுதியை வெட்டிவிட்டு மீதியைச் சாப்பிடலாம், மற்றதைத் தூக்கிப் போட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் புள்ளி பூசணத்தின் மேல்பகுதி மட்டுமே. அடியில் மெல்லிய இழைகள் சீஸுக்குள் இறங்கியிருக்கும், சில வகைப் பூசணம் நச்சுப் பொருளையும் உண்டாக்கும். செடார், பார்மேசான் போன்ற கெட்டி சீஸில் ஈரம் குறைவு, உடம்பும் இறுக்கம். செடாரில் நாற்பது சதவீதத்துக்கும் குறைவாகத்தான் ஈரம், பார்மேசானில் அதைவிடவும் குறைவு. அதனால் இழைகள் ஆழமாகப் போவது கடினம்.

முதலில் அது பூசணம்தானா என்று பாருங்கள். நாள்பட்ட செடாரின் மேல் வெள்ளையாகப் படிவது பல சமயம் கால்சியம் லாக்டேட் படிகம். விரலால் தொட்டால் மணல் போல நறநறவென்று இருக்கும், அது சாப்பிடக்கூடியதுதான். பூசணம் பஞ்சு மாதிரி இருக்கும், தேய்த்தால் இழுபடும். பச்சை, நீலம், சாம்பல் நிறம் தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், அது பூசணம்தான். மூக்குக்கு அருகில் கொண்டுபோய் முகர்ந்து மட்டும் பார்க்காதீர்கள், அதன் வித்துகள் மூச்சோடு உள்ளே போகும்.

இனி வெட்டுவது. புள்ளியின் எல்லாப் பக்கமும், அடியிலும், குறைந்தது ஒரு அங்குலம், அதாவது இரண்டரை செ.மீ. விட்டு வெட்ட வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 கிராம் கட்டி, நீளம் 10 செ.மீ., அகலம் 6, தடிமன் 3. மேல்பக்கத்தில், ஒரு முனையிலிருந்து 2 செ.மீ. தள்ளி, 1 செ.மீ. அகலத்துக்குப் பூசணம். குடைந்து எடுத்தால் அடியில் அரை செ.மீ.தான் மிஞ்சும், அதனால் குடையாதீர்கள். முனையிலிருந்து 2, புள்ளி 1, அதற்கப்புறம் இரண்டரை, ஆக ஐந்தரை செ.மீ.யில் கத்தியை நேராக வைத்து அந்த முனையை முழுசாக வெட்டிவிடுங்கள். கையில் மிஞ்சுவது நாலரை செ.மீ., சுமார் 90 கிராம். பாதிக்கு மேல் போகிறதே என்று மனசு கேட்காது. ஆனால் மேலோட்டமாகச் சுரண்டுவதில் பலனே இல்லை. சுரண்டும்போது கத்தியில் ஒட்டிய பூசணம் நல்ல பகுதிக்கும் பரவும்.

கத்தி பூசணத்தைத் தொடவே கூடாது. தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொடருங்கள். மிச்சத்தைப் பழைய உறையில் திரும்பச் சுற்றாதீர்கள், அதில் வித்துகள் ஒட்டியிருக்கும். புதிய பட்டர் பேப்பரில் சுற்றி, ஒரு கவரில் வைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். அந்த இடத்தையும் துடைத்துவிடுங்கள்.

புள்ளி ஒன்றாக இல்லாமல் அங்கங்கே பல இருந்தாலோ, வெடிப்புக்குள் இறங்கியிருந்தாலோ கட்டி முழுதையும் போட்டுவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கும், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் வெட்டி மீட்ட சீஸைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

சரி, ஸ்லைஸுக்கு வருவோம். பாக்கெட்டில் வரும் ஸ்லைஸ் புராசஸ்டு சீஸ், அதாவது சீஸை உருக்கி, கொழுப்பும் நீரும் பிரியாமல் வைக்கும் எமல்சிஃபையிங் உப்பு சேர்த்து, சூடாகவே வார்த்துச் செய்வது. பெரும்பாலும் சோர்பிக் அமிலம் போன்ற பதப்படுத்தியும் இருக்கும். அந்தச் சூட்டில் பூசணம் செத்துப் போவதால் திறக்காத பாக்கெட் நன்றாகவே தாங்கும். திறந்த பிறகு கை, காற்று, ஈரம் வழியாகத்தான் புதிதாகப் பூசணம் வருகிறது. செடாரைவிட ஈரமும் மென்மையும் அதிகம் என்பதால் இழைகள் எளிதாகப் பரவும். எல்லாவற்றுக்கும் மேல், ஸ்லைஸின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். ஒரு அங்குல ஆழம் வெட்ட அதில் இடமே இல்லை. ஓரத்தைக் கிள்ளிவிட்டு டோஸ்ட்டில் வைக்காதீர்கள். அடுப்பில் உருக்கினாலும் நச்சு முழுதாகப் போய்விடும் என்று நம்ப முடியாது.

பாக்கெட்டில் மற்றவை? ஸ்லைஸ்கள் உறையில்லாமல் அடுக்கியிருந்தால் முழு பாக்கெட்டையும் போட்டுவிடுங்கள். ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் ஒட்டி மூடியிருந்தால், கெட்டதை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மீதியின் உறையைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கிழியாமல், பிரியாமல் இருப்பவற்றை வைத்துக்கொள்ளலாம். பஞ்சு மாதிரி எதுவும் இல்லாமல், ஓரம் மட்டும் காய்ந்து, கண்ணாடி போலக் கறுத்து விறைத்திருந்தால் அது பெரும்பாலும் உறை சரியாக மூடாததால் ஈரம் வற்றியது, பூசணம் இல்லை.

துருவிய சீஸுக்கும், கடையில் மெல்லியதாக வெட்டித் தரும் செடாருக்கும் ஸ்லைஸின் விதிதான். பெயர் செடார் என்றாலும் வெட்ட ஆழம் கிடையாது.