சுடுநீர்க் குழாயில் வெந்நீர் வரத் தாமதமாகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளியலறையில் சுடுநீர்க் குழாயைத் திறந்தால் இரண்டு நிமிடம் வரை பச்சைத் தண்ணீரே வருகிறது என்றால், பெரும்பாலான வீடுகளில் முதலில் பழி விழுவது ஹீட்டரின் மீதுதான். தெர்மோஸ்டாட்டைக் கூட்டி வைப்பார்கள். அதிலும் பயனில்லாவிட்டால் அடுத்த பெரிய அளவு ஹீட்டரை வாங்கிவிடுவார்கள். முதலில் வருகின்ற அந்தத் தண்ணீர் நேற்றிரவிலிருந்து குழாய்க்குள் நின்று ஆறிப்போன தண்ணீர் என்பதால், ஹீட்டரை எவ்வளவு பெரிதாக்கினாலும் அதன் அளவு ஒரு சொட்டும் குறையாது.

ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன் ஓர் அளவெடுப்பு வேண்டும். காலையில் வீட்டில் யாரும் வெந்நீரைத் தொடுவதற்கு முன்னர், அளவு குறித்த வாளி ஒன்றை வைத்து, சுடுநீர்ப் பக்கத்தை மட்டும் முழுவதுமாகத் திறந்து, தண்ணீர் கைக்குச் சூடாகத் தெரியும்வரை எத்தனை லிட்டர் பிடித்தோம் என்று பார்க்க வேண்டும். நிமிடக் கணக்கு இங்கே ஏமாற்றும். ஏனெனில் குழாயின் வேகம் குறைந்தாலே நேரம் கூடிவிடும். லிட்டர் கணக்கு அவ்வாறு எளிதில் மாறுவதில்லை.

கோயம்புத்தூரில் ஒரு மாடி வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொட்டை மாடியில் 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர். அங்கிருந்து தரைத்தளக் குளியலறை வரை ஓர் அங்குல சிபிவிசி குழாய், வளைவுகள் உட்பட 20 மீட்டர். இந்த அளவுக் குழாய் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.43 லிட்டர் கொள்ளும் என்பதால், 20 மீட்டரில் 8.6 லிட்டர் நிற்கும். பின்னால் வரும் வெந்நீரின் முதற்பகுதி, ஆறிய தண்ணீரோடு கலந்தும் குழாய்ச் சுவரைச் சூடாக்கியும் தன் வெப்பத்தை இழப்பதால், நடைமுறையில் இதைப்போல் ஒன்றரை மடங்கு வரை ஓடவிட வேண்டியிருக்கும். வாளியில் 12 லிட்டர் பிடித்தால் அந்த வீட்டில் பழுது ஏதும் இல்லை, தொலைவுதான் காரணம் என்று கொள்ளலாம். ஆனால் நான்கு பேர் வெவ்வேறு நேரத்தில் குளித்தால் நாளொன்றுக்கு 48 லிட்டர், மாதத்துக்கு 1,440 லிட்டர் சாக்கடைக்குப் போகும்.

வாளியில் 25 லிட்டர் பிடித்த பிறகும் வெதுவெதுப்பாகவே இருந்தால் கதை வேறு. குளிர்நீர் எங்கோ சுடுநீர்க் குழாய்க்குள் புகுந்துகொண்டிருக்கலாம். குளிர்நீர் பிரஷர் பம்ப் வழியாகவும் சுடுநீர் மேலிருந்து இயல்பாக இறங்கியும் வருகின்ற வீடுகளில் இது அடிக்கடி நேர்கிறது. சுடுநீரும் குளிர்நீரும் கலந்து வரும் மிக்ஸர் குழாயின் இரு திருகுகளையும் திறந்தே விட்டுவிட்டு, கைஷவரின் முனையில் மட்டும் மூடி வைத்தால், அழுத்தம் கூடிய குளிர்நீர் எதிர்ப்பக்கம் ஏறிவிடும். மிக்ஸருக்குள் தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜ் தேய்ந்திருந்தாலும் இதுவே நடக்கும். சோதிப்பது எளிது. சோலார் டேங்கிலிருந்து வெளியேறும் வால்வை மூடிவிட்டுச் சுடுநீர்க் குழாயைத் திறந்தால், குழாயில் உள்ளது வடிந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் கலப்பு இருக்கிறது என்று பொருள். சுடுநீர்க் கிளையில், தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடும் திரும்பா வால்வு போடுவதும் மிக்ஸரைச் சரிசெய்வதும்தான் அதற்குத் தீர்வு.

தொலைவே காரணமென்று உறுதியானால், அடுத்து பார்க்க வேண்டியது குழாயின் பருமன். "பெரிய குழாய் போட்டால் தண்ணீர் நன்றாக வரும்" என்பது கட்டும்போது சொல்லப்படும் பேச்சு. மேல்தளக் குளியலறைக்கு அது உண்மைதான். டேங்குக்கும் ஷவருக்கும் இடையே உயரம் குறைவாக இருப்பதால், ஒல்லியான குழாயில் தண்ணீர் சொட்டத்தான் செய்யும். தரைத்தளத்துக்கோ ஆறு மீட்டர் அளவுக்கு உயர வேறுபாடு கிடைக்கிறது. அங்கே அரை அங்குலக் குழாயைத் தனியாக இறக்கினால், நிமிடத்துக்கு ஆறு லிட்டர் எடுக்கும்போது உராய்வில் போகும் அழுத்தம் தாங்கக்கூடியதாகவே இருக்கும். அதே 20 மீட்டரில் நிற்கும் தண்ணீர் 2.4 லிட்டராகக் குறைந்துவிடும். சுவரை உடைக்கும் செலவு இருப்பதால், புதிதாகக் கட்டும்போதோ குளியலறையைப் புதுப்பிக்கும்போதோதான் இது கைகூடும் என்பது இதன் குறை.

குழாய்க்கு வெப்பக்காப்பு உறை போட்டால் காலைக் காத்திருப்பு போய்விடும் என்று நம்புவது மற்றொரு தவறு. இரவு முழுவதும் நின்ற தண்ணீர் உறைக்குள்ளும் ஆறிவிடும். ஒருவர் குளித்து முடித்த சற்று நேரத்தில் அடுத்தவர் போகும் வீட்டில்தான் உறையின் பயன் தெரியும். வெயில் படும் மொட்டை மாடிப் பகுதியில் போடும் நுரை உறையை அலுமினியத் தாளால் மூடாவிட்டால், வெயிலில் அது பொடிந்து உதிர்ந்துவிடும்.

சுடுநீரைச் சுழலவிடும் சிறிய பம்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. திரும்பும் குழாய் ஒன்றும் பம்பும் இருந்தால் எந்நேரமும் உடனே வெந்நீர் கிடைக்கும். ஆனால் உறையிடாத குழாய் மீட்டருக்கு 15 வாட் அளவில் வெப்பத்தை இழந்தாலும், இறங்கும் குழாயும் திரும்பும் குழாயும் சேர்ந்த 36 மீட்டர் சுற்றில் 12 மணி நேரத்தில் ஆறு யூனிட்டுக்கு மேல் போய்விடும். 200 லிட்டர் டேங்கில் பகலில் சேரும் வெப்பத்தின் பெரும்பகுதி அதுவே. ஆகவே பம்பை எப்போதும் ஓடவிடாமல், குளிக்கப் போகும்போது பொத்தானை அழுத்தினால் ஓடி, குழாய் சூடானதும் தானே நிற்கும்படி அமைக்க வேண்டும்.

தரைத்தளக் குளியலறையில் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் ஒன்றைச் சுடுநீர்க் குழாயோடு இணைத்துவிடலாம் என்பதும் அரைகுறை யோசனைதான். குழாயிலிருந்து 8.6 லிட்டர் ஆறிய தண்ணீர் உள்ளே வரும். 3 கிலோவாட் சுருள் நிமிடத்துக்கு நான்கு லிட்டர் ஓட்டத்தில் அதை 11 டிகிரி அளவுக்குத்தான் உயர்த்தும். இடையில் குளிர்ச்சி வந்து ஷவரில் நிற்பவரை அலற வைக்கும். குழாயில் நிற்கும் அளவைவிடப் பெரிய, 15 லிட்டர் கீசராக இருந்தால் அந்த இடைவெளி தெரியாது. எதுவாயினும், சோலாரில் 70 டிகிரிக்கு மேலும் சூடேறக்கூடிய தண்ணீரை உள்ளே விடலாமா என்று அந்தக் கீசரின் கையேட்டில் பார்த்த பிறகே இணைக்க வேண்டும்.

இவ்வளவு செய்ய முடியாத வீட்டிலும், வாளியில் குளிப்பவர்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு. 60 டிகிரி வெந்நீரும் 25 டிகிரி பச்சைத் தண்ணீரும் சேர்த்து 20 லிட்டர் வாளியை 40 டிகிரிக்குக் கொண்டுவர, ஏறத்தாழ 11 லிட்டர் பச்சைத் தண்ணீர் வேண்டும். குழாயிலிருந்து முதலில் வருவதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். குழாயைத் திறக்கும் முன்பே வாளியை அடியில் வைத்து, பச்சைத் தண்ணீர்க் குழாயைத் தொடாமலே நிரப்பினால் பெரும்பாலும் கூடுதலாக எதுவும் கலக்க வேண்டியிருக்காது. நிரம்பும் வேளையில் வாளிக்குள் வெறும் கையை விடாமல், சொம்பால் ஒரு கலக்குக் கலக்கிவிட்டுச் சூட்டைப் பார்க்க வேண்டும். மேலே கடைசியாக விழுந்தது கையைச் சுடும் அளவுக்குச் சூடாக இருக்கும்.