கெட்ட கனவை விழிப்பில் தொடரும்போது எங்கே தவறுகிறோம்

துரத்தப்படும் கனவுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் அறுகின்றன. பின்னால் வரும் உருவம் எட்டிப் பிடிக்கும் நொடியில் விழிப்பு வந்துவிடுகிறது. விழித்ததும் நெஞ்சு படபடக்க, "நல்லவேளை, கனவுதான்" என்று புரண்டு படுக்கிறோம். அந்த நிம்மதியில்தான் சிக்கல் இருக்கிறது. பயத்தின் உச்சத்தில் தப்பித்தோம் என்ற அனுபவம் மட்டுமே மனதில் பதிகிறது. அந்த உருவத்தின் முன்னால் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது தெரியாமலே போகிறது. அதே கனவு திரும்ப வரும்போது அதே இடத்தில் அறுவதற்கு இது ஒரு காரணம்.

பகலில், முழு விழிப்பில், அந்தக் கனவைக் கற்பனையில் மறுபடி எழுப்பி, அறுந்த இடத்துக்கு அப்பால் தொடர்வதுதான் இந்தப் பயிற்சி. உருவத்தை விரட்டுவதோ அழிப்பதோ நோக்கம் இல்லை. அது எதிரே இருக்கும்போதே ஓடாமல் நிற்கப் பழகுவதுதான் நோக்கம். இதில் நேரும் தவறுகளைக் கூர்ந்து பார்த்தால், பெரும்பாலானவை வேறு வேடத்தில் வரும் ஓட்டம்தான் என்பது தெரியும்.

ஒரு கனவை எடுத்துக்கொள்வோம். நீண்ட நடைவழி, இருபுறமும் பூட்டிய கதவுகள். பின்னால் உயரமான ஓர் ஆள் வருகிறான், முகம் தெரியவில்லை. ஓட நினைத்தால் கால்கள் கனக்கின்றன. தோளில் கை விழுகிறது, விழிப்பு வருகிறது.

நள்ளிரவிலேயே தொடங்குவது

விழித்த கையோடு, இருட்டில் படுத்தபடியே கனவைத் தொடர முயல்வது முதல் தவறு. உடல் அப்போது இன்னும் பதற்றத்தில் இருக்கிறது. பாதித் தூக்கத்தில் கற்பனையின் கடிவாளமும் கையில் இருப்பதில்லை. அப்படியே உறங்கிப்போனால் பழைய கனவுக்குள்ளேயே விழக்கூடும். இரவில் செய்ய வேண்டியது விளக்கைப் போட்டு, கனவின் நான்கைந்து விவரங்களைத் தாளில் குறித்துவைப்பது மட்டும்தான். பயிற்சியைப் பகலில், வெளிச்சமான அறையில், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு பாதங்களும் தரையில் படும்படி செய்ய வேண்டும். உறங்கப் போகும் நேரத்துக்கு அருகில் வேண்டாம். மொத்தம் பத்து நிமிடம், அதிகபட்சம் பதினைந்து. கண்களை மூடினால் கலக்கம் கூடுகிறதென்றால் பாதி திறந்தே வைத்துக்கொள்ளலாம்.

தொடங்கும் முன் பயத்துக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் கொடுங்கள். 0 என்றால் முழு அமைதி, 10 என்றால் தாங்கவே முடியாத பயம். கனவை நினைத்ததுமே எண் 8-ஐத் தாண்டுகிறதென்றால் அந்தக் கனவை விட்டுவிட்டு, 4 அல்லது 5 அளவுள்ள வேறொரு சிறிய கனவில் பழகுங்கள்.

உச்சக் காட்சியில் குதிப்பது

பலரும் தோளில் கை விழும் இடத்திலேயே நேராகப் போய் நிற்கிறார்கள். அது வெறும் மறு ஒளிபரப்பு. பயம் இன்னொரு முறை ஒத்திகை பார்க்கப்படுகிறது, அவ்வளவுதான். ஆள் தோன்றுவதற்கு முந்தைய இடத்தில் தொடங்குங்கள். நமது கனவில் அது நடைவழியின் தொடக்கம். தரை எப்படி இருக்கிறது? வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? காற்று குளிர்ந்திருக்கிறதா? ஒரு நிமிடம் இதற்கே கொடுங்கள். காலடிக்குக் கீழே இடம் உறுதியாக இருந்தால்தான் பிறகு திரும்பிப் பார்க்க முடியும்.

சினிமா போலப் பார்ப்பது

இது கண்டுபிடிக்கக் கடினமான தவறு, ஏனென்றால் எல்லாம் நன்றாக நடப்பதுபோலவே இருக்கும். நடைவழியில் நிற்கும் உங்களை நீங்களே தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பயம் குறைவாக இருக்கும். ஆனால் அங்கே நின்றது நீங்கள் இல்லை, உங்கள் படம். உளவியலாளர் கார்ல் யுங் விழிப்புக் கற்பனை முறையை விளக்கும்போது வலியுறுத்தியதும் இதைத்தான்: கற்பனையில் நடப்பது உண்மையென்றால் எப்படி நடந்துகொள்வீர்களோ, அப்படியே நீங்களாக அதற்குள் இருக்க வேண்டும்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அந்தக் காட்சியில் உங்கள் முதுகோ முகமோ உங்களுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் நீங்கள் வெளியே இருக்கிறீர்கள். குனிந்து உங்கள் கைகளைப் பாருங்கள், உள்ளங்காலில் தரையை உணருங்கள், பிறகு தொடருங்கள். பயம் 8-ஐத் தொடும் வேளையில் மட்டும் வேண்டுமென்றே சற்று வெளியே வரலாம். அதைத் தெரிந்தே செய்வது வேறு, தெரியாமல் வெளியிலேயே தங்கிவிடுவது வேறு.

அடித்து வீழ்த்துவது, அல்லது அவசரமாக நல்லவனாக்குவது

திரும்பி நின்றதும் கையில் வாள் முளைக்கிறது, ஆள் விழுகிறான். அல்லது அவன் புன்னகைத்துப் பூங்கொத்து நீட்டுகிறான். இரண்டும் ஒரே தவறுதான். அந்த உருவம் இருக்கும் நிலையில் அதைப் பார்க்கச் சகிக்காமல், விரைந்து முடித்துவிடுகிறோம். அடுத்த வாரம் கனவு பழையபடியே வந்தால் வியப்பதற்கில்லை.

ஜெர்மன் உளவியலாளர் பால் தோலி, 'இது கனவு' என்ற உணர்வோடு காணும் கனவுகளில் இதை ஆராய்ந்தார். மிரட்டும் உருவத்தைக் கண்ணுக்கு நேராகப் பார்த்து, இணக்கமாகப் பேசும்போது அது பலமுறை சிறுத்தது, அல்லது மிரட்டல் குறைந்த உருவமாக மாறியது. ஓடினாலோ மிரட்டல் கூடியது. அவர் பார்த்தது கனவுக்குள் நடந்ததை. விழிப்பில் அப்படியே நடக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் எந்த வரிசையில் போவது என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்: முதலில் நிற்பது, பிறகு பார்ப்பது, பிறகு கேட்பது. மாற்றம் வந்தால் அது தானாக வரட்டும்.

நடைவழிக் கனவில் அதைச் செய்து பார்ப்போம். காலடி ஓசை கேட்கிறது. எண் 7. கால்கள் கனக்கின்றன. அந்தக் கனத்தோடு போராட வேண்டாம், எப்படியும் நிற்கத்தானே போகிறோம். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், மூன்று முறை. பிறகு திரும்புங்கள். ஆள் பத்தடி தள்ளி நிற்கட்டும். அருகில் வந்தால், "அங்கேயே நில்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அது ஓடுவது ஆகாது.

முகத்தில் தொடங்காதீர்கள். முதலில் காலணிகள். ஈரமாக இருக்கின்றனவா, கிழிந்திருக்கின்றனவா? பிறகு கைகள். பிறகு தோள். கடைசியில் முகம். முகம் தெளியவில்லை என்றால் தெளியாமலே இருக்கட்டும், நீங்களாக ஒரு முகத்தை ஒட்டவைக்க வேண்டாம். இப்படிப் பகுதி பகுதியாகப் பார்க்கும்போது, 'பயங்கரம்' என்ற ஒற்றைத் திரள் சிறு சிறு விவரங்களாகப் பிரிகிறது. எண் 7-லிருந்து 5-க்கு இறங்குவது பெரும்பாலும் இங்கேதான் நடக்கும். முதல் நாளைக்கு இதுவே போதும்.

கேள்வியையும் பதிலையும் நாமே சொல்வது

அடுத்த நாள் அதே இடத்தில் நின்று, "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். "என்னை ஏன் துரத்துகிறாய்?" என்பதைவிட இது நல்ல கேள்வி, ஏனென்றால் அதில் குற்றச்சாட்டு இல்லை. கேட்டபின் ஒரு நிமிடமாவது சும்மா நில்லுங்கள். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். மௌனம் தாங்காமல், "நான்தான் உன் வேலைப் பயம்" என்பதுபோல ஒரு பதிலை அந்த உருவத்தின் வாயில் திணித்துவிடுகிறார்கள்.

திணித்த பதிலை அடையாளம் காண்பது எளிது. அது உடனே வரும், விளக்கவுரை போல இருக்கும், ஏற்கெனவே நீங்கள் நினைத்து வைத்ததாகவும் இருக்கும். தானாக எழும் பதில் சின்னதாக, குறிப்பாக, சற்று எதிர்பாராததாக இருக்கும். அது சொல்லாக வர வேண்டும் என்பதும் இல்லை. அந்த ஆள் பேசாமல் ஒரு கதவைக் காட்டலாம், தலை குனியலாம், உள்ளங்கையைத் திறந்து காட்டலாம். எதுவுமே நடக்காமலும் போகலாம். ஒரு நிமிடம் ஓடாமல் நின்றதே அன்றைய வேலை. பதில் வந்தாலும், அந்த உருவம் கேட்பதையெல்லாம் கொடுக்க வேண்டியதில்லை. "அது முடியாது, வேறு என்ன?" என்று நிஜத்தில் ஒருவரிடம் சொல்வதுபோலச் சொல்லுங்கள். உங்களை நீங்களே காயப்படுத்தச் சொல்லும் பதில் எழுந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

முடிக்காமல் எழுந்துவிடுவது

பயம் கூடியதும் சட்டென்று கண்ணைத் திறந்து எழுந்து போவது, கனவு அறுந்ததைப் பகலிலும் திரும்பச் செய்வதாகும். நேரம் முடிந்ததும், "இன்றைக்கு இவ்வளவு போதும், நான் போகிறேன்" என்று அந்த உருவத்திடம் சொல்லுங்கள். கற்பனையிலேயே ஒரு கதவைத் திறந்து, ஓடாமல் நடந்து வெளியேறுங்கள். பிறகு கண் திறந்து அறையில் உள்ள ஐந்து பொருள்களை வாய்விட்டுச் சொல்லி, குளிர்ந்த நீரில் முகம் கழுவுங்கள். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தைவிட ஒன்றிரண்டு குறைந்திருந்தால் சரியான பாதை. குறையாமல் அப்படியே இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் பயிற்சி செய்த நாள்களில் இரவுத் தூக்கம் மோசமாகி, எண்ணும் ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிட வேண்டும். விடாப்பிடி இங்கே பலன் தராது.

எல்லாக் கனவுக்கும் இதையே பயன்படுத்துவது

விபத்து, வன்முறை, பாலியல் தாக்குதல் போல உண்மையில் நடந்ததை அப்படியே காட்டும் கனவுகளில் இதைத் தனியாகச் செய்யக் கூடாது. அங்கே எதிரே நிற்பது கற்பனை உருவம் மட்டும் இல்லை, நினைவும்தான். அத்தகைய கனவு காண்பவர்களுக்காக மருத்துவர் பேரி கிராக்கோவ் பரப்பிய முறை வேறு. அதில் மிரட்டுபவரின் முன் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. கனவை விரும்பியபடி மாற்றி எழுதி, அந்தப் புதிய வடிவத்தை மட்டும் பகலில் நாள்தோறும் 10 முதல் 20 நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பார்கள். பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களிடம் அவர் நடத்திய ஆய்வு 2001-இல் வெளியானது. அதில் கெட்ட கனவுகள் குறைந்தன, தூக்கமும் மேம்பட்டது. இரண்டு முறைகளையும் ஒரே கனவில் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

விழித்திருக்கும்போதே இல்லாத குரல் கேட்பவர்களும், கற்பனைக்கும் நிஜத்துக்கும் இடையிலான கோடு சில வேளை மங்கிப்போகிறவர்களும் இந்தப் பயிற்சியில் இறங்க வேண்டாம். கனவில் அடிப்பதை உறக்கத்திலேயே கைகால்களால் செய்துவிடுபவர்கள் தூக்க மருத்துவரைப் பார்க்க வேண்டும். புதிதாக ஒரு மருந்து தொடங்கியபின் கெட்ட கனவுகள் கூடியிருந்தால் முதலில் அதை மருத்துவரிடம் கேளுங்கள். புரோப்ரனலால் போன்ற சில இரத்த அழுத்த மருந்துகளுக்கு அந்தப் பக்கவிளைவு உண்டு. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். போகும்போது கனவு வந்த தேதி, விழித்த நேரம், எந்த இடத்தில் அறுந்தது, பயத்தின் எண் ஆகிய நான்கையும் இரண்டு வாரத்துக்குக் குறித்த தாளை எடுத்துச் செல்லுங்கள்.