ரிசப்ஷனுக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில்: கல்யாண போட்டோகிராபரின் பையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கம் கல்யாண ஆர்டர் என்றால் அநேகமாக இரண்டு பாதி. முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் விடிய முகூர்த்தம். ரிசப்ஷனில் கடைசிப் பந்தி எழும்போது மணி பதினொன்று ஆகிவிடும். முகூர்த்தம் ஆறு மணிக்கு என்றால் பெண்ணுக்கு அலங்காரம் நாலு மணிக்கே ஆரம்பம், நாலே காலுக்கு நாம் அறைக் கதவைத் தட்டியாக வேண்டும். நடுவில் கிடைப்பது ஐந்து மணி நேரம். பைக்கு நாம் எழுதும் பட்டியல் தோற்பது பெரும்பாலும் இந்த ஐந்து மணி நேரத்தில்தான். சாமான்களின் பெயரை வரிசையாக எழுதி டிக் அடிக்கிறோம். எந்தச் சாமான் எத்தனை மணிக்கு, யார் கையில், எந்த நிலையில் இருக்கும் என்று எழுதுவதில்லை.

போன ஐப்பசியில் திருப்பரங்குன்றத்தில் ஒரு மண்டபத்தில் எடுத்த கல்யாணத்தை வைத்தே சொல்கிறேன். என்னிடம் சோனி A7 III இரண்டு பாடி. செகண்ட் ஷூட்டராக வந்த தம்பியிடம் நிக்கான் ஒன்று.

முதலில் பேட்டரி. "நாலு பேட்டரி இருக்கு, தாராளம்" என்று நானும் வருஷக்கணக்கில் எழுதியவன்தான். எண்ணிக்கை சரி, சார்ஜ் ஏறும் நேரத்தைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை. சோனியின் NP-FZ100 பேட்டரி காலியாகிவிட்டால், கம்பெனியின் ஒற்றை சார்ஜரில் முழுசாக ஏறச் சுமார் இரண்டரை மணி நேரம் பிடிக்கும். ரிசப்ஷனில் நாலும் தீர்ந்தது என்று வையுங்கள். ராத்திரி பதினொன்றரைக்கு முதல் பேட்டரியைப் போட்டால் இரண்டு மணிக்கு நிறையும். அந்நேரம் எழுந்து அடுத்ததை மாற்றிப் போடுகிறவன் யார்? ஆக, விடியும்போது நாலு பேட்டரியில் ஒன்றுதான் முழுசாக இருக்கும். நடுராத்திரி எழுந்தாலும் இரண்டாவது ஓரளவுக்குத்தான் ஏறியிருக்கும்.

அதனால் பேட்டரிக்குப் பக்கத்தில் சார்ஜர் கணக்கையும் எழுத வேண்டும். இப்போது என் பையில் இரட்டை சார்ஜர் ஒன்று இருக்கிறது. அதோடு இரண்டு பாடியையும் பேட்டரி உள்ளே இருக்கும்படியே யூஎஸ்பி வயரில் போட்டு அணைத்து வைத்துவிடுகிறேன், அதுவே இரண்டு சார்ஜருக்குச் சமம். தூங்கும்போதே நாலும் ஏறக்குறைய முழுசாக ஏறிவிடும். இதற்கு மூன்று பிளக் பாயிண்ட் வேண்டும், லாட்ஜ் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பதோ ஒன்று. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பட்டியலின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

இதில் என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை எல்லாவற்றையும் சார்ஜில் போட்டுவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனேன். கதவோரம் செருகியிருந்த கார்டை உருவிப் பையில் போட்டுக்கொண்டேன். அதை உருவினால் அறைக்கே கரண்ட் போகும். ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் சார்ஜரில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

ஃபிளாஷுக்கு லித்தியம் பேட்டரி வந்த பிறகு அதைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. ஆனால் கேமரா மேல் செருகும் டிரிக்கர் பலவற்றில் இன்னும் இரண்டு AA செல்தான். ராத்திரி அணைக்க மறந்தால் காலையில் அது செத்திருக்கும். ஃபிளாஷ் நன்றாக இருக்கும், அடிக்கத்தான் அடிக்காது. புது செல் இரண்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். முகூர்த்த நாளில் குன்றத்தில் வண்டி நிறுத்த இடம் எங்கே கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். காரில் கிடக்கும் ஸ்பேரை எடுத்துவருவதற்குள் தாலி ஏறிவிடும்.

இனி கார்டு. எனக்குத் தெரிந்து அதிகம் பேர் கையைச் சுட்டுக்கொள்கிற இடம் இதுதான்.

இரண்டு ஸ்லாட் உள்ள கேமரா வைத்திருக்கிறோம், ஆகவே பேக்கப் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வது முதல் தவறு. நிக்கான் மெனுவில் இரண்டாவது கார்டின் வேலை Overflow என்று இருந்தால், முதல் கார்டு நிறைந்த பிறகுதான் அதில் படம் விழும். அது பேக்கப் இல்லை, கூடுதல் இடம், அவ்வளவுதான். Backup என்று மாற்றினால்தான் ஒரே படம் இரண்டிலும் பதியும். கேனானில் Auto switch card என்பதும் இதே மாதிரி கார்டு மாற்றுகிற வேலைதான். சர்வீஸுக்குப் போய்வந்த கேமராவில் இந்த செட்டிங் பழையபடி திரும்பியிருக்கலாம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் இரண்டு படம் எடுத்து, கார்டை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்துவிடுங்கள். இரண்டிலும் அந்த இரண்டு படம் இருக்க வேண்டும்.

இரண்டாவது தவறு இன்னும் மோசமானது. ராத்திரி லாப்டாப்பில் காப்பி போட்டுவிட்டு, காலை முகூர்த்தத்துக்காக அதே கார்டை ஃபார்மட் செய்வது. அந்த நிமிஷத்திலிருந்து ரிசப்ஷன் முழுக்க ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கிறது. அந்த லாப்டாப்பும் உங்கள் தோளில் தொங்கிக்கொண்டு காலைக் கூட்டத்துக்குள் வருகிறது. காப்பி சரியாக விழுந்ததா என்றும் தூக்கக் கலக்கத்தில் யாரும் திறந்து பார்ப்பதில்லை. பழைய கார்டு ரீடராக இருந்தால் ஒரு 64 ஜிபி கார்டு இறங்கவே அரை மணி நேரம் ஆகும். அப்படி நாலு கார்டு என்றால் தூக்கமே இரண்டு மணி நேரம் குறைந்துவிடும்.

எனவே கார்டைத் திரும்பப் பயன்படுத்தாத மாதிரி கணக்குப் போட வேண்டும். அந்தத் திருப்பரங்குன்றம் ரிசப்ஷனில் ஒரு பாடியில் சுமார் 1,400 படம் எடுத்தேன். 24 மெகாபிக்சலில் கம்ப்ரஸ் செய்த ரா ஃபைல் ஒன்று ஏறக்குறைய 25 எம்பி, மொத்தம் 35 ஜிபி. 64 ஜிபி கார்டு ஒன்று போதும். கம்ப்ரஸ் செய்யாத ரா என்றால் ஒன்று 47 எம்பி, மொத்தம் 66 ஜிபி வரும். கேக் வெட்டும் நேரமாகப் பார்த்துக் கார்டு நிறையும். செட்டிங் ஒன்றில்தான் இவ்வளவு வித்தியாசம்.

இப்போது கூட்டுங்கள். எனக்கு இரண்டு பாடி, பாடிக்கு இரண்டு ஸ்லாட், சாயங்காலம் ஒரு செட், காலை ஒரு செட்: எட்டு கார்டு. தம்பிக்கு ஒரு பாடி, அதனால் நாலு. மொத்தம் பன்னிரண்டு. அதிகமாகத் தெரியும். முதல் பன்னிரண்டை வாங்கும்போது எனக்கும் வயிறு எரிந்தது. கட்டுப்படியாகாது என்றால் இரண்டாவது ஸ்லாட்டில் ஜேபெக் மட்டும் பதியுமாறு வைத்துச் சின்ன கார்டு போடலாம். ரா போனாலும் ஆல்பம் போடும் அளவுக்குப் படம் மிஞ்சும்.

செகண்ட் ஷூட்டரிடம் "உன் கேமராவும் லென்ஸும் எடுத்துட்டு வந்திரு" என்று சொல்வதோடு நம் பட்டியல் முடிந்துவிடுகிறது. அவனுடையது நிக்கான் என்பதால் என் பேட்டரி அவனுக்கு ஆகாது, என் சார்ஜரும் ஆகாது. அவனுக்கும் நம்மைப் போலவே தனி ராத்திரிக் கணக்கு வேண்டும். கார்டு மட்டும் நம்முடையதாக இருக்கட்டும். அவன் சொந்தக் கார்டில் எடுத்தால், அடுத்த முகூர்த்தத்துக்கு வேறு ஆர்டருக்குப் போகிற அவசரத்தில் அவன் அதை ஃபார்மட் செய்துவிட்டால் கேட்க முடியாது.

அன்றைக்கு மேடையில் வேறொரு கூத்து நடந்தது. என் ஃபிளாஷ் நான் அமுக்காமலே அடித்துக்கொண்டிருந்தது, நான் அமுக்கும்போது பாதி நேரம் அடிக்கவில்லை. ஃபிளாஷ் போச்சு என்றே நினைத்தேன். "அண்ணே, நான் எடுக்கிறப்பவும் உங்க ஃபிளாஷ் அடிக்குதுண்ணே" என்று தம்பி சொன்ன பிறகுதான் விளங்கியது. இருவரும் வைத்திருந்தது ஒரே கம்பெனியின் டிரிக்கர், ஒரே சானல். அவன் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் என் ஃபிளாஷும் அடித்து, எனக்கு வேண்டிய நேரத்தில் சார்ஜ் ஏறாமல் நின்றிருக்கிறது. அப்போதிருந்து என் டிரிக்கர் சானல் 5, தம்பியுடையது 11. ஸ்டிக்கரில் எழுதி டிரிக்கர் மேலேயே ஒட்டியிருக்கிறோம்.

கடிகாரமும் அப்படித்தான். தம்பியின் கேமரா ஏழு நிமிஷம் முந்தியிருந்தது. நேர வரிசையில் அடுக்கினால், என் கேமராவில் தாலி கட்டி முடிந்து அட்சதை விழுந்த பிறகு, அவன் கேமராவில் தாலித் தட்டு சபையைச் சுற்றி ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டிருக்கிறது. இதற்கு வழி ரொம்பச் சின்னது. வேலை தொடங்கும் முன் எல்லாக் கேமராவிலும் ஒரே போனின் கடிகாரத்தை, நொடி முள் தெரிய, ஒரு படம் எடுத்துவிடுங்கள். எவ்வளவு வித்தியாசம் என்று அந்தப் படமே காட்டும். லைட்ரூம் கிளாசிக்கில் Edit Capture Time போய் அவன் படங்களை மொத்தமாக நகர்த்திவிடலாம்.

லென்ஸைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதில் பட்டியல் தவறுவது குறைவு. 24-70, 70-200, மங்கலான அறைக்கு ஒரு 35 என்று எல்லோரும் சரியாகவே எழுதுகிறார்கள். எந்த நேரத்தில் எது கேமராவில் இருக்கிறது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். கெட்டிமேளம் கேட்டதும் சொந்தக்காரர்கள் எழுந்து மேடையைச் சூழ்ந்துகொள்வார்கள். 70-200 வைத்துத் தள்ளி நின்றவருக்குக் கிடைப்பது முதுகுகள்தான். அப்போது கையில் 24-70 இருக்க வேண்டும், 70-200 இரண்டாவது பாடியில் தோளில் தொங்கட்டும். அட்சதையும் மஞ்சள் தூளும் பறக்கிற இடத்தில் லென்ஸைக் கழற்றினால் அந்தத் தூள் சென்சாருக்குத்தான் போகும். 85 வைத்து f/1.4-ல் எடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இரண்டு மீட்டர் தூரத்தில் ஃபோகஸில் நிற்பது ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு. பெண்ணின் கண் தெளிவாக விழும், மாப்பிள்ளை கையில் இருக்கிற தாலி கரைந்துபோகும்.

ஐப்பசி மாதிரி ஈரமான மாதத்தில் இன்னொன்று. ஏசி அறையில் ராத்திரி முழுக்கக் கிடந்த லென்ஸை நாலு மணிக்கு வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்கப் பனி படியும். துடைத்தாலும் திரும்பப் படியும். நான் மூன்றரைக்கே பையை ஜிப் போட்டு மூடியபடி வராந்தாவில் வைத்துவிடுகிறேன். அரை மணி நேரத்தில் உள்ளே இருப்பதும் வெளிச்சூட்டுக்கு வந்துவிடும்.

தாலி கட்டி, குடும்பப் படங்களும் முடிந்ததும் எல்லோரும் டிபன் பந்திக்குப் போவார்கள். நாங்கள் போவதற்கு முன் மேடை ஓரமாக உட்கார்ந்து எல்லா பாடியிலிருந்தும் கார்டை உருவிவிடுவோம். முதல் ஸ்லாட் கார்டுகள், ரிசப்ஷன் செட்டும் சேர்த்து, என் இடுப்புப் பையில். இரண்டாவது ஸ்லாட் கார்டுகள் தம்பியின் டப்பாவில். அவன் பைக்கில் வருவான், நான் காரில். வீட்டில் இரண்டு டிஸ்கில் காப்பி போட்டு, ஒவ்வொரு ஃபோல்டரிலும் நாலைந்து படத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் அந்தப் பன்னிரண்டில் எதையும் ஃபார்மட் செய்வோம்.